உங்களுக்குத் தெரியுமா? நெற்றிச் சாம்பல், குருத்தோலைச் சிலுவை, தலை முக்காடு

2026 பிப்ரவரியில் ஒரு வாரம் அபூர்வமாக அமைந்தது. 15ஆம் தேதி ஞாயிறு இரவு மகா சிவராத்திரி. 18ஆம் தேதி புதன்கிழமை கத்தோலிக்கர்களின் தவக்காலம் தொடங்கியது. அதே வாரத்தில் பிறை பார்த்து ரமலான் நோன்பும் ஆரம்பமானது. திங்கட்கிழமை காலையில் ஒரு பையன் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வகுப்புக்கு வந்திருப்பான். புதனன்று இன்னொரு பிள்ளையின் நெற்றியில் கறுப்பாக ஒரு சாம்பல் சிலுவை இருந்திருக்கும். வெள்ளியன்று ஒருவன் பையில் தொழுகைத் தொப்பி இருந்திருக்கும். கோவளம், மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் இந்த மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது சாதாரணம்.

பக்கத்தில் இருப்பவன் "இது என்னடா?" என்று கேட்கத்தான் செய்வான். கேட்பது தப்பில்லை. ஆனால் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு "பூசிக்கோ", "போட்டுக்கோ", "மூடிக்கோ" என்று சொல்லித் தருகிறோமே தவிர, அது எதனால் ஆனது, எப்போது அணிவது, ஏன் என்று சொல்லித் தருவதில்லை. கேள்வி வரும்போது பிள்ளை விழிக்கிறது, அல்லது "அது அப்படித்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அந்த இடத்தில்தான் கேலி நுழைகிறது. கையில் வைத்துக்கொள்ளச் சில தகவல்கள் இதோ.

சாணம் வெள்ளையாவது எப்படி?

திருநீறு என்பது பசுஞ்சாணத்தைச் சுட்டு எடுத்த சாம்பல். இதைச் சொன்னதும் வகுப்பில் "சாணியா!" என்று ஒரு சிரிப்பு எழும். திருநீறு பூசும் பிள்ளை அந்த இடத்தில் கூச்சப்படத் தேவையில்லை. செய்முறை தெரிந்தால் பதில் தானாக வரும்.

புதுச் சாணத்தை உருண்டையாகப் பிடித்து வெயிலில் நன்றாகக் காயவைப்பார்கள். காய்ந்த உருண்டைகளை நெற்பதர், உமி, வைக்கோல் போட்டு மூடி, பெரும்பாலும் சிவராத்திரியை ஒட்டித் தீ வைப்பார்கள். உமித் தீ கொழுந்துவிட்டு எரியாது. உள்ளுக்குள்ளேயே கனன்று, நேரம் எடுத்துக்கொண்டு வேகும். அவசரப்பட்டுக் கிளறினால் உருண்டை கறுப்பாகவே நின்றுவிடும். அந்தக் கறுப்பு எரியாமல் மிஞ்சிய கரி. காற்றுப் பட்டு அந்தக் கரியும் எரிந்து தீர்ந்த பிறகுதான் சாம்பல் வெளுக்கும். ஆறியபின் உருண்டையை உடைத்து, மெல்லிய துணியில் சலித்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். வீட்டில் செய்த திருநீறு பெரும்பாலும் பளீரென்ற வெள்ளையாக இருக்காது. லேசான சாம்பல் நிறம் தட்டும், கையில் எடுத்தால் பஞ்சுபோல் கனமில்லாமல் இருக்கும். மிக மலிவாக, கண்ணைப் பறிக்கும் வெண்மையோடு, கனமாகக் கிடைக்கும் பாக்கெட்டுகளில் சுண்ணாம்புக்கல் மாவும் ஜிப்சமும் கலப்பதாக நெடுநாளாகப் புகார் உண்டு. பூசிய இடத்தில் அரிப்பு எடுத்தால் அந்தப் பாக்கெட்டை மாற்றிவிடுவது நல்லது.

நன்றாக வெந்த சாம்பலில் சாணத்தின் மணமும் இல்லை, கிருமியும் இல்லை. எரியக்கூடிய எல்லாம் எரிந்துபோய், சிலிக்கா, கால்சியம், பொட்டாசியம் போன்ற தாதுக்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. பத்தாம் வகுப்பு வேதியியல் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் இது புரியும். அதற்குமேல் சைவர்கள் சொல்லும் பொருள் ஒன்று இருக்கிறது. எதை எரித்தாலும் கடைசியில் மிஞ்சுவது இதுதான், இந்த உடம்பும் ஒருநாள் இதுவாகும் என்பதை நெற்றியிலேயே எழுதி வைத்துக்கொள்வது. மூன்று கோடுகளாக இழுப்பதற்கு, ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களும் சாம்பலாக வேண்டும் என்று சைவ சித்தாந்தம் விளக்கம் தருகிறது. கோடு இழுக்காமல் அப்படியே பரவலாகப் பூசுவதும் முறைதான். அதற்கு உத்தூளனம் என்று பெயர். மூன்று கோட்டுக்குத் திரிபுண்டரம் என்று பெயர். ஆகவே "உன் கோடு சரியா வரலையே" என்று யாராவது கேட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஊருக்கு ஊர் மாறும் வழக்கங்களும் உண்டு. திருச்செந்தூரில் திருநீற்றைப் பன்னீர் மர இலையில் மடித்துத் தருகிறார்கள். திருஞானசம்பந்தர் மதுரையில் பாண்டிய மன்னனின் வெப்பு நோயைத் திருநீறு பூசித் தீர்த்த கதையைப் பாட்டிமார் இன்னும் சொல்கிறார்கள். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் வீட்டுப் பெரியவர்கள் திருநீறு இட்டுவிடும் வழக்கத்தின் பின்னால் அந்தக் கதையும் இருக்கிறது.

புதன்கிழமைச் சாம்பல், போன வருஷத்துக் குருத்தோலை

கத்தோலிக்கர்கள் அந்தப் புதனைத் திருநீற்றுப் புதன் என்றும் சாம்பல் புதன் என்றும் சொல்கிறார்கள். ஈஸ்டருக்கு 46 நாள் முன்னதாக வரும். நோன்பு நாற்பது நாள், இடையில் வரும் ஆறு ஞாயிறுகளை அதில் சேர்ப்பதில்லை என்பதால் இந்தக் கணக்கு.

அந்தச் சாம்பல் வரும் வழி அழகானது. முந்தைய ஆண்டின் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தந்த ஓலைகளை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். நம் கடற்கரையில் அது தென்னங்குருத்தாக இருக்கும், அல்லது பனங்குருத்தாக இருக்கும். பிள்ளைகள் அதைச் சின்னச் சிலுவையாக மடித்து வீட்டில் மாட்டியிருக்கும் மாதா படத்தின் பின்னாலோ கதவு நிலையிலோ செருகி வைப்பார்கள். அது ஒரு வருஷம் அங்கேயே பழுத்துக் காயும். தவக்காலம் நெருங்கும்போது அவற்றைத் திரும்பக் கோயிலில் சேர்ப்பார்கள். எரித்து, சலித்து, பங்குத்தந்தை அந்தச் சாம்பலை விரலால் தொட்டு ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவை வரைவார். மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்கே திரும்புவோம் என்று அப்போது நினைவூட்டுவார். ஓலைக்கரி முழுதாக வேகாததால் இந்தச் சாம்பல் கறுப்பாகவே இருக்கும். திருநீறு மணிக்கணக்கில் உமியில் வெந்து வெளுத்தது, இது சில நிமிஷத்தில் எரிந்து கறுத்தது. பார்வைக்கு வேறாகத் தெரிவதற்குக் காரணம் அவ்வளவுதான்.

எல்லா நாட்டிலும் நெற்றியில் வரைவதில்லை. இத்தாலி, போலந்து போன்ற இடங்களில் உச்சந்தலையில் தூவும் வழக்கம் உண்டு. கொரோனாக் காலத்தில், 2021இல், தொடாமல் தலையில் தூவும்படி வாத்திகனே எல்லா நாடுகளுக்கும் அறிவுறுத்தியது.

அந்தப் புதன் காலையில் ஆறாம் வகுப்பில் நடக்கக்கூடிய பேச்சு இப்படி இருந்தால் போதும்:

"டேய், நெத்தியில மை ஒட்டியிருக்குடா."

"மை இல்லடா, சாம்பல். காலையில கோயில்ல ஃபாதர் வெச்சாரு. இன்னையிலேருந்து ஈஸ்டர் வரைக்கும் எங்களுக்குத் தவக்காலம்."

"எங்க தாத்தாவும் சாம்பல்தான் பூசுவாரு."

"அது சாணத்துல செய்யறது. இது போன வருஷத்துக் குருத்தோலை. எங்க வீட்டுக் கதவுல செருகியிருந்துச்சே, நீகூட பாத்தியே."

"அழிஞ்சிட்டா தப்பா?"

"இல்ல. வேர்வையில தானா போயிடும். நானா அழிக்க மாட்டேன், அவ்வளவுதான்."

இந்தப் பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பதில் சொன்ன பையன் என்ன பொருள், எப்போது, எவ்வளவு நாள் என்று மூன்றையும் சொன்னான். "எங்களுக்கு", "எங்க வீட்டு" என்று தன் வீட்டுப் பழக்கமாகச் சொன்னான். "எல்லாரும் வெச்சிக்கணும்" என்று சொல்லவில்லை. கேட்டவனும் தன் தாத்தாவை ஒப்பிட்டானே தவிர எது உசத்தி என்று கேட்கவில்லை. விரலை நீட்டி அந்தச் சாம்பலைத் தொடவும் இல்லை. ஆசிரியர்கள் இந்த ஒன்றையாவது வகுப்பில் சொல்லிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்: கேள்வி கேட்கலாம், ஆனால் இன்னொருவர் நெற்றியையோ கழுத்துச் சிலுவையையோ தலைத்துணியையோ கேட்காமல் தொடக்கூடாது.

சிலுவையில் உருவம் இல்லாததும் உண்டு

பரங்கிமலை இன்று சென்னை மாவட்டத்தில் இருக்கிறது, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1547இல் போர்ச்சுகீசியர் அந்த மலையுச்சியில் அடித்தளம் தோண்டியபோது கல்லில் செதுக்கிய சிலுவை ஒன்று கிடைத்தது. அதைச் சுற்றிப் பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்தில் கல்வெட்டு ஓடுகிறது. போர்ச்சுகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே கிறித்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி. அந்தச் சிலுவையின் நான்கு முனைகளும் மொட்டு விரிவதுபோல் முடிகின்றன. மேலே ஒரு புறா இறங்குகிறது. ஆனால் சிலுவையில் இயேசுவின் உருவம் இல்லை.

இது வகுப்பறைக்குப் பயன்படும் தகவல். கத்தோலிக்கப் பிள்ளைகள் கழுத்தில் போடும் சிலுவையில் பெரும்பாலும் இயேசுவின் உருவம் இருக்கும். சி.எஸ்.ஐ., லூத்தரன் சபைப் பிள்ளைகளிடம் வெறும் சிலுவையே அதிகம். பாடுபட்டதை நினைப்பதற்காக உருவம் என்பார்கள் அவர்கள், உயிர்த்தெழுந்துவிட்டார் என்பதால் சிலுவை காலி என்பார்கள் இவர்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் நகையே கூடாது என்பதால் சிலுவையும் அணிவதில்லை, பொட்டும் வைப்பதில்லை. அந்தச் சபைப் பெண்ணைப் பார்த்து "நீ கிறிஸ்டியன்னு சொன்னே, சிலுவையே போடலையே?" என்று கேட்பவர்கள் உண்டு. அவள் சிலுவை போடாததே அவள் சபையின் கட்டுப்பாடு. அதே ஊரில் பொட்டும் பூவும் வைத்து, தாலியில் சிலுவை பொறித்துக்கொண்ட கத்தோலிக்கப் பெண்களும் இருக்கிறார்கள். கழுத்தைப் பார்த்து ஒருவருடைய பக்தியை அளக்க முடியாது.

நீறும் நாமமும் ஒரே கோயிலில்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குப் பள்ளிச் சுற்றுலா போகாத பிள்ளை இந்த மாவட்டத்தில் குறைவு. அங்கே இரண்டு சிவன் சன்னதிகள் இருக்கின்றன. அவை இரண்டுக்கும் நடுவே தரையில் பள்ளிகொண்ட பெருமாள் இருப்பதைப் பலர் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குள் இருக்கும் தலசயனப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பூதத்தாழ்வார் பிறந்த ஊரும் இதுதான். வைணவப் பிள்ளைகளின் நெற்றியில் மேல்நோக்கி இருப்பது சாம்பல் இல்லை, திருமண். வெள்ளை மண் அது. நடுவில் சிவப்பாக இருக்கும் ஸ்ரீசூர்ணத்தை மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துச் செய்வார்கள். மஞ்சள் சுண்ணாம்பு பட்டுச் சிவக்கும் அதே வேதியியல், ஆய்வகத்தில் மஞ்சள் தாளைச் சோப்பு நீரில் தொட்டுப் பார்க்கும்போதும் நடக்கிறது.

தலையை மூடுவது மரியாதையா, திறப்பது மரியாதையா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளம். மீனவர் ஊர். இங்கே கார்மெல் மாதா கோயில் 1808இல் எழுந்தது. ஜான் டி மான்டி என்ற வணிகர் கட்டுவித்தது. கடலை ஒட்டித் தமீம் அன்சாரி தர்கா இருக்கிறது. அவருடைய உடல் கடல்வழியே இந்தக் கரையில் வந்து ஒதுங்கியது என்பது மக்களின் நம்பிக்கை. இந்துக் கோயில்களும் உண்டு. இந்த ஊர்ப் பிள்ளை ஒரே மாலையில் மூன்று இடத்துக்கும் நடந்தே போய்வரலாம். போனால், மரியாதை என்பது மூன்று இடத்திலும் மூன்று விதமாக இருப்பதைப் பார்க்கலாம்.

தர்காவுக்குள் நுழையும்போது ஆண்கள் கைக்குட்டையையாவது தலையில் கட்டிக்கொள்வார்கள். வருபவர் எந்த மதத்தவரானாலும் அப்படித்தான். கோயிலில் இதற்கு நேர்மாறு. தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் சாமி முன்னால் நிற்பார்கள். மாதா கோயிலில் ஆண்கள் தலைப்பாகையையும் தொப்பியையும் எடுத்துவிட வேண்டும், ஆனால் பெண்கள் முந்தானையால் முக்காடு போட்டுக்கொள்வார்கள். பவுல் அடிகளார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பெண்கள் தலையை மூடிக்கொண்டு ஜெபிக்கச் சொன்னதை ஒட்டிய வழக்கம் இது. நம் ஊர்க் கிறித்தவப் பாட்டிமார் வெள்ளை முக்காட்டோடு திருப்பலிக்குப் போவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, முஸ்லிம் தோழியின் தலைத்துணி அவ்வளவு புதிதாகத் தோன்றாது.

"வீட்டிலேயும் போட்டுக்கிட்டே இருப்பியா?"

ஹிஜாப் அணியும் மாணவிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி இதுதான். இல்லை. அப்பா, அண்ணன் தம்பி, தாத்தா, சித்தப்பா, மாமா போன்ற நெருங்கிய உறவுகள் முன்பும், பெண்கள் மட்டும் இருக்கும் இடத்திலும் தலையை மூட வேண்டியதில்லை. பருவம் எய்திய பிறகே அது மார்க்கக் கடமை என்பது இஸ்லாமியச் சட்ட நூல்களின் பொதுக் கருத்து. சிறு வயதிலேயே பழகட்டும் என்று சில வீடுகளில் முன்பே போட்டுவிடுவார்கள். இன்னும் சில முஸ்லிம் வீடுகளில் பெண்கள் தொழுகை நேரத்தில் மட்டும் மூடிக்கொள்வார்கள். ஒரே வகுப்பில் இரண்டு முஸ்லிம் மாணவிகள், ஒருத்தி மூடியும் ஒருத்தி மூடாமலும் இருந்தால், இருவரையும் நிறுத்தி "யார் சரி?" என்று கேட்பது கொடுமை. தன் பழக்கத்தைச் சொல்லவே ஒரு பிள்ளைக்குத் தெரியும். முழு மதத்துக்கும் வக்கீலாக அவளை நிறுத்தக்கூடாது.

பெயர்களிலும் குழப்பம் இருக்கிறது. முடி, காது, கழுத்தை மறைத்து முகம் தெரியும்படி அணிவது ஹிஜாப். முகத்தையும் மறைக்கும் துணி நிகாப். உடை மேல் போடும் நீண்ட அங்கி, நம் ஊரில் பெரும்பாலும் கறுப்பு, அதைப் புர்கா என்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு தமிழகக் கடற்கரை ஊர்களில் முஸ்லிம் பெண்கள் வெளியே போகும்போது உடுத்தியது வெள்ளைத் துப்பட்டி. வயதான பெண்கள் சிலரிடம் இன்றும் பார்க்கலாம். பையன்களின் தொப்பி இந்தக் கணக்கில் வராது. அது கடமை இல்லை, நபிவழி என்று விரும்பி அணிவது. தொப்பி இல்லாமல் தொழுகிறவர்களும் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

வெயில் ஒரு நியாயமான கேள்வி. செங்கல்பட்டின் மே மாதத்தை யாரும் மறுக்க முடியாது. பருத்தித் துணி வேர்வையை உறிஞ்சும், செயற்கை இழை உறிஞ்சாது. ஆய்வகத்தில் இந்த வித்தியாசம் இன்னும் முக்கியம். சாராய விளக்கு, பன்சன் விளக்கு அருகே செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தீ பட்டால் பருத்தியும் எரியும், ஆனால் அப்படி உருகி ஒட்டாது. எந்தத் துணியானாலும் நுனி தொங்கக்கூடாது. ஆய்வக நாளில் தலைத்துணியின் இரு நுனியையும் மேலங்கிக்குள் செருகிவிட வேண்டும். தொங்கும் பின்னல், கழுத்துச் சங்கிலி, மாலை போட்டிருப்பவரின் துளசிமணி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். விளையாட்டு நேரத்தில் குண்டூசி ஆபத்து. தைத்து வைத்த, தலைவழியே மாட்டும் ஹிஜாப் நல்லது. கால்பந்து விதிகளை வகுக்கும் அமைப்பு 2014இல் தலைத்துணியை அனுமதித்தது. உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2017இல் அனுமதித்தது. பாதுகாப்பாக எப்படி அணிவது என்று விதி எழுதித்தான் இரண்டிடத்திலும் அனுமதி தந்தார்கள். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அதே வழியைத் தன் மைதானத்தில் பின்பற்றலாம்.

காவி யாருடையது?

ஆகஸ்ட் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடுத்திக் கூட்டங்கூட்டமாகத் தெற்கே நடப்பவர்களைப் பார்த்து, "முருகன் கோயிலுக்குப் போறாங்க" என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. அவர்களில் பலர் வேளாங்கண்ணிக்கு நடக்கும் மாதா பக்தர்கள். அங்கே ஆகஸ்ட் 29இல் கொடியேறி, செப்டம்பர் 8இல் திருவிழா முடியும். மார்கழியிலும் தையிலும் ஜி.எஸ்.டி. சாலையில் செவ்வாடையும் இருமுடியுமாகப் போகிறவர்கள் மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி பக்தர்கள். அதில் பெண்களே அதிகம். கார்த்திகையில் கறுப்போ நீலமோ உடுத்தித் துளசிமாலை போட்டிருப்பவர் ஐயப்பனுக்கு விரதம் இருப்பவர். அந்த 41 நாளும் மாலை போட்ட மாணவனை உடன் படிப்பவர்களே "சாமி" என்று கூப்பிடுவார்கள். நிறத்தைப் பார்த்து மதத்தை முடிவு செய்யாமல் மாதத்தையும் கேட்டுக்கொண்டால் தவறு நேராது.

கையில் கயிறு: இது வேறு விஷயம்

எல்லா அடையாளமும் பக்தி அடையாளம் இல்லை. இதைப் பெரியவர்கள் பிள்ளைகளிடம் மறைக்காமல் பேச வேண்டும்.

2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் காயப்பட்டாள். அதன் பிறகு தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூன் 18இல் அவர் அறிக்கை தந்தார். மாணவர்கள் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி அணிந்து வருவதைத் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. சில மாவட்டங்களில் எந்த நிறக் கயிறு எந்தச் சாதி என்று பிள்ளைகளுக்குள்ளேயே ஒரு கணக்கு ஓடுகிறது, விளையாட்டில் அணி சேர்வதிலிருந்து மதியச் சாப்பாட்டில் யார் பக்கத்தில் யார் என்பது வரை அது முடிவு செய்கிறது என்பதே காரணம். 2019லேயே பள்ளிக் கல்வித்துறையிலிருந்து கயிறுகளைப் பற்றி ஒரு சுற்றறிக்கை போனது, எதிர்ப்பு வந்ததும் அப்போதைய அமைச்சர் தனக்குத் தெரியாமல் போனது என்று சொல்லிப் பின்வாங்கினார்.

சந்துரு அறிக்கையில் நெற்றிக்குறியும் இருந்ததால் பலர் கொதித்தார்கள். கோயில் திருநீற்றையும் சாதிக் கயிற்றையும் ஒரே பட்டியலில் வைக்கலாமா என்பது நேர்மையான கேள்விதான். எனக்குத் தோன்றுவது இது: ஒரு குறியைப் பார்த்ததும் "நீ யாரோடு உட்காரலாம்" என்ற முடிவு வகுப்பில் எடுக்கப்படுகிறதா என்று பாருங்கள். எடுக்கப்பட்டால் அந்தக் குறி அங்கே சாமிக்காக இல்லை. பக்திக்காக அணிந்த பிள்ளையிடம் "இது என்ன?" என்று கேட்டால் பொருளையும் நாளையும் சொல்லும். சாதிக்காகக் கட்டிய பிள்ளை "எங்க ஆளுங்க எல்லாரும் கட்டுவோம்" என்று சொல்லும். நாளும் இருக்காது, கோயிலும் இருக்காது, நிறம் மட்டும் இருக்கும். வகுப்பாசிரியர் பிரித்தறிய இந்த ஒரு கேள்வி பெரும்பாலும் உதவும். ஆனால் எப்போதும் உதவாது. கோயில் திருவிழாவில் கட்டிய காப்பையே சாதிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் ஊர்களும் இருக்கின்றன. அங்கே கயிற்றை மட்டும் அறுத்தால் போதாது, உட்காரும் வரிசையை ஆசிரியரே மாற்றிப் போட வேண்டியிருக்கும்.

சட்டம் எதுவரை?

கர்நாடக அரசு 2022 பிப்ரவரி 5இல் சீருடை பற்றி ஓர் ஆணை போட்டது. வகுப்பறையில் ஹிஜாப் அணிய முடியாமல் போனது. மார்ச் 15இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. அக்டோபர் 13இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் எதிரெதிராகத் தீர்ப்பளித்ததால் வழக்கு பெரிய அமர்வுக்குப் போனது. தமிழ்நாட்டில் அப்படி ஓர் ஆணை இல்லை. இங்கே சீருடை நிறத்துக்குப் பொருந்தும் தலைத்துணியோடு மாணவிகள் பள்ளிக்குப் போகிறார்கள்.

ஒரு சட்டப் பிரிவும் பெற்றோருக்குத் தெரிந்திருப்பது நல்லது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு. அரசு உதவி பெறும் மிஷன் பள்ளியானாலும், வேறு எந்த நிர்வாகத்தின் பள்ளியானாலும், அங்கே நடக்கும் வழிபாட்டில் கலந்துகொள்ளும்படி எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்த முடியாது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும். "என் நெற்றியில் இருப்பது இது" என்று தோழனுக்குச் சொல்வது விளக்கம், அதை இந்தப் பிரிவு தடுக்கவில்லை. "நீயும் வைத்துக்கொள், வா" என்று ஆசிரியர் மேடையிலிருந்து அழைத்தால் அது இந்தப் பிரிவுக்குள் வந்துவிடும்.

நீட் தேர்வு எழுதப்போகும் அக்காமாருக்கு ஒரு குறிப்பு. மத வழக்கப்படி உடையோ தலைத்துணியோ அணிந்து வரலாம் என்று தேர்வு முகமையின் அறிவிப்பேட்டிலேயே இருக்கிறது. ஆனால் சோதனைக்கு நேரம் பிடிக்கும் என்பதால் மற்றவர்களைவிட முன்னதாக மையத்துக்கு வந்துவிட வேண்டும். எத்தனை மணிக்குள் என்பது அந்த வருஷத்து அறிவிப்பேட்டில் இருக்கும். அனுமதிச் சீட்டு வாங்கும்போதே அதைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.